அடுத்த ஊசி எப்போது?

பிறந்த குழந்தை பாலைச் சரியாக உறிஞ்சவில்லை, மூச்சு வாங்குகிறது, உடல் சில்லிட்டிருக்கிறது என்றால் மருத்துவர்களுக்கு ரத்தத்தில் கிருமித் தொற்றோ என்ற சந்தேகம் வரும். கல்ச்சர் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்ததும், முடிவுக்குக் காத்திராமல் ஆம்பிசிலினும் ஜென்டாமைசினும் தொடங்கிவிடுவார்கள். ஜென்டாமைசினை நிறைமாதக் குழந்தைக்குத் தினம் ஒரு முறை போடுகிறார்கள். பக்கத்தில் இன்குபேட்டரில் இருக்கும் குறைமாதக் குழந்தைக்கோ இரண்டு நாளைக்கு ஒரு முறைதான். அந்தத் தாய்க்குக் கவலை வராமல் இருக்குமா?

இந்த மருந்து உடலைவிட்டு வெளியேறச் சிறுநீரகத்தைத் தவிர வேறு வழி கிடையாது. சிறுநீரகத்தின் வடிகட்டிகள் உருவாகி முடிய 34 முதல் 36 வாரங்கள் ஆகும். அதற்கு முன்பே பிறந்துவிட்டால் மருந்து மெதுவாகத்தான் இறங்கும். ஆனால் அளவைக் குறைக்கவும் முடியாது. சிசுவின் உடலில் நீர்ச்சத்து அதிகம் என்பதால் மருந்து நீர்த்துப்போகும். ஜென்டாமைசினோ ரத்தத்தில் உச்ச அளவு உயர்ந்தால்தான் கிருமியை நன்றாகக் கொல்லும். அதனால்தான் பெரிய டோஸ், நீண்ட இடைவெளி.

அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் கையேட்டின்படி, பிறந்த முதல் வாரத்தில், 30 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராம், 48 மணிக்கு ஒரு முறை. 30 முதல் 34 வாரம் என்றால் அதே அளவு 36 மணிக்கு ஒரு முறை. 35 வாரம் தாண்டியிருந்தால் கிலோவுக்கு 4 மில்லிகிராம், 24 மணிக்கு ஒரு முறை. மருத்துவமனைக்கு மருத்துவமனை இதில் சிறு வேறுபாடுகள் உண்டு.

28 வாரத்தில் பிறந்த, 1.1 கிலோ எடையுள்ள ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். டோஸ் 5.5 மில்லிகிராம். ஊசி போட்டதும் லிட்டருக்கு 10 மில்லிகிராம் அளவுக்கு ஏறி, 12 மணிக்கு ஒருமுறை பாதியாகிறது என்று வைத்தால், 24 மணியில் 2.5 மிச்சம் இருக்கும். 48 மணியில் 0.6. பெரியவர்களுக்கான 80 மில்லிகிராம் குப்பியிலிருந்து எடுத்தால் 5.5 மில்லிகிராம் என்பது சுமார் 0.14 மில்லிலிட்டர்தான். ஒரு புள்ளி இடம் மாறினால் பத்து மடங்கு உள்ளே போய்விடும். இரண்டு செவிலியர் சரிபார்ப்பது சும்மா சடங்குக்காக அல்ல.

மிச்சம் இறங்காமலே அடுத்த ஊசி போனால் மருந்து சிறுநீரகத்திலும் உட்காதிலும் சேர்ந்துகொள்ளும். சிறுநீரகம் பெரும்பாலும் தேறிவிடும். உட்காதின் நுண்மயிர்ச் செல்கள் அழிந்தால் திரும்ப முளைக்காது. ஆகவே இரண்டாவது அல்லது மூன்றாவது ஊசிக்குச் சற்று முன் ரத்தம் எடுத்து, அளவு 1-க்குக் கீழே இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். 2 வரை ஏற்கும் இடங்களும் உண்டு. பிறக்கும்போது மூச்சுத் திணறிய குழந்தையின் சிறுநீரகம் அடிபட்டிருக்கும். நிறைமாதமானாலும் அதற்கு அளவு இறங்காமல் நிற்கலாம். அப்போது ஊசியை நிறுத்திவைத்து, மறுபடி பரிசோதித்து, இடைவெளியைத்தான் நீட்டுவார்கள். டோஸைக் குறைத்தால் உச்சம் விழுந்து, கிருமி தப்பிவிடும்.

மருந்து ஏற்றிய அதே குழாயிலிருந்து ரத்தம் எடுத்தால் பொய்யாக அதிகம் காட்டும். ஊசி போட்ட நேரமும் ரத்தம் எடுத்த நேரமும் குறிக்கப்படாத ரிப்போர்ட்டை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. கல்ச்சரில் 36 முதல் 48 மணிக்குள் கிருமி வளராமல், குழந்தையும் தேறியிருந்தால், மருந்தையே நிறுத்திவிடுவார்கள். அப்படிப்பட்ட குழந்தைகள் பலருக்கு இந்தப் பரிசோதனை தேவைப்படுவதே இல்லை.