குறைந்த வட்டிக் கடன்: விலைவாசி ஏறும்போது அடைக்க அவசரம் வேண்டுமா?

“விலைவாசி ஏற ஏற, கடன் தானாகவே இளைத்துவிடும்; அடைக்க ஏன் ஓட வேண்டும்?” வீட்டுக்கடன் வாங்கிய பலரும் சொல்வது இது. இதில் உண்மை இருக்கிறது. மாதத் தவணை ரூ.22,811 என்று வைத்துக்கொள்வோம். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், பத்து ஆண்டு கழித்து அதே தவணைக்கு இன்றைய மதிப்பு ஏறத்தாழ ரூ.12,700தான். ஆனால் விலைவாசியோடு சம்பளமும் ஏறினால்தான் இந்த லாபம் கைக்கு வரும். சம்பளம் அப்படியே நின்று அரிசி, பருப்பு விலை மட்டும் ஏறினால் தவணை இளைக்காது, குடும்பம்தான் இளைக்கும்.

அமெரிக்காவில் இந்தக் கணக்கு நன்றாகவே பலித்தது. 2021 ஜனவரியில் அங்கே 30 ஆண்டு வீட்டுக்கடனின் சராசரி வட்டி 2.65 சதவீதம் வரை இறங்கியது. அது கடைசித் தவணை வரை மாறாத வட்டி. 2022 ஜூனில் பணவீக்கம் 9.1 சதவீதத்தைத் தொட்டது. 2023இல் அரசின் குறுகிய காலக் கடன் பத்திரங்களே 5 சதவீதத்துக்கு மேல் கொடுத்தன. 3 சதவீதக் கடன் வைத்திருந்தவர், கையில் பணம் இருந்தும் அதை அடைத்திருந்தால் நஷ்டம் அவருக்குத்தான்.

நம் ஊர் நிலைமை வேறு. இங்கே வங்கிகள் தரும் வீட்டுக்கடனில் பெரும்பாலானவை மாறும் வட்டிக் கடன்கள். 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கிகளில் அப்படி வாங்கியவை பெரும்பாலும் ரெப்போ வட்டியோடு கட்டப்பட்டவை. விலைவாசி ஏறினால் அதை அடக்க ரிசர்வ் வங்கி ரெப்போவை உயர்த்தும். அடுத்த சில மாதங்களில் உங்கள் வட்டியும் உயரும். எந்த விலைவாசி கடனை இளைக்கச் செய்யும் என்று நம்பினோமோ, அதுவே வட்டியை ஏற்றிவிடுகிறது.

2021இல் 6.75 சதவீதத்துக்கு 30 லட்சம் ரூபாயை 20 ஆண்டுக் கடனாக வாங்கியவரை எடுத்துக்கொள்வோம். மேலே சொன்ன ரூ.22,811 அவருடைய தவணைதான். 2022 மே மாதத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ, 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆனது. அவர் வட்டியும் 9.25 ஆனது. அப்போது அசல் பாக்கி சுமார் 28.48 லட்சம். ஒரு மாத வட்டியே ரூ.21,950. அதே தவணையைக் கட்டினால் அசலில் கழிவது ஆயிரம் ரூபாய்கூட இல்லை. மீதி இருந்த 18 ஆண்டு, 35 ஆண்டுக்கு மேல் நீண்டுவிடும். காலத்தை நீட்டாமல் முடிக்க வேண்டுமென்றால் தவணை ரூ.27,100 ஆகியிருக்க வேண்டும். பல வங்கிகள் தவணையைத் தொடாமல் காலத்தை மட்டும் நீட்டியதால், கட்டுபவருக்கு எதுவும் மாறாதது போலவே தோன்றியது. வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்பதை வாடிக்கையாளரிடமே கேட்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் சொன்னது இதனால்தான்.

சரி, கையில் ஒரு லட்சம் இருக்கிறது. கடனில் போடுவதா, டெபாசிட்டில் போடுவதா? இங்கே விலைவாசியைக் கணக்கில் கொண்டுவரத் தேவையே இல்லை. அது இரண்டு பக்கத்தையும் ஒரே அளவில்தான் அரிக்கும். பார்க்க வேண்டியது, வரி போக டெபாசிட் தருவதையும் கடன் வட்டியையும்தான். 7 சதவீத டெபாசிட்டில் ஆண்டுக்கு ரூ.7,000 வரும். 30 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்கு, செஸ்ஸும் போக மிஞ்சுவது சுமார் ரூ.4,800. 8 சதவீதக் கடனில் போட்டால் ரூ.8,000 வட்டி மிச்சம்; அதற்கு வரியும் இல்லை. பழைய வரி முறையில் வட்டிக்கு முழு விலக்கு பெறுபவருக்குக்கூட உண்மையான வட்டி 5.5 சதவீதம் வரும். அதுவும் டெபாசிட்டைவிட அதிகம்தான். பங்குச் சந்தை இதைவிடக் கூடுதலாகத் தரலாம்; ஆனால் கடன் வட்டி நிச்சயம், சந்தை லாபம் நிச்சயமில்லை.

அலுவலகத்தில் 4 சதவீத நிலையான வட்டிக்கு வாங்கிய கடன் என்றால் கதையே வேறு. அதை அடைக்க ஓட வேண்டாம். ஆனால் சலுகை வட்டியின் பலனை வருமானமாகச் சேர்த்து வரி பிடிப்பதுண்டு. அதையும் கூட்டிப் பாருங்கள்.

கடன் அனுமதிக் கடிதத்தில் ரெப்போ என்ற சொல் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். “நிலையான வட்டி” என்று எழுதியிருந்தால், எத்தனை ஆண்டுக்கு என்று பாருங்கள். இரண்டு மூன்று ஆண்டில் மாறும் வட்டியாகிவிடுவதும் உண்டு. தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது. ஆறு மாதச் செலவுக்கான பணத்தைத் தனியே எடுத்துவைத்த பிறகு மிஞ்சுவதைக் கட்டுங்கள். கட்டும்போது, தவணையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள் என்று வங்கியில் எழுதிக் கொடுங்கள்.