பழைய நகையை வித்தா வரி எவ்வளவு? பில்லோட கடைசித் தொகையைப் பாருங்க

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம்)

தங்கம் விலை ஏறினதிலிருந்து இன்பாக்ஸ்ல ஒரே மாதிரி கேள்விதான் வந்துட்டு இருக்கு. "வீட்ல இருந்த பழைய நகையை வித்துட்டோம், பணம் அக்கவுண்ட்டுக்கு வந்துருச்சு. மொத்தப் பணத்துக்கும் வரி கட்டணுமா?" அதுக்கு அடுத்த மெசேஜும் அதே ஆள்கிட்ட இருந்துதான் வரும்: "வாங்கும்போது செய்கூலி, சேதாரம்னு அவ்வளவு கொடுத்தோமே, விக்கும்போது கடைக்காரர் அதுக்கு ஒரு ரூபா தரல. வரியிலயாவது கழிச்சுக்கலாமா?"

ரெண்டாவது கேள்விக்கு பதிலை முதல்லயே சொல்லிடறேன். கழிச்சுக்கலாம். கடையில திரும்பக் கிடைக்காத அந்தப் பணம், வருமான வரிக் கணக்குல உங்க பக்கம் நிக்கும். ஆனா அதுக்குப் பழைய பில் வேணும். இன்னைக்கு எபிசோடே அந்த ஒரு காகிதத்தைப் பத்தித்தான்.

முதல்ல அடிப்படை. நீங்க போட்டிருக்கிற சட்டை, வீட்ல இருக்கிற ஃப்ரிட்ஜ் இதெல்லாம் சொந்த உபயோகப் பொருள். அதை வித்தா மூலதன ஆதாயம்னு ஒண்ணு வராது. நகையும் சொந்த உபயோகம்தானேன்னு தோணும். ஆனா சட்டம் நகையைப் பேர் சொல்லி அந்தச் சலுகையிலிருந்து வெளியே எடுத்து வெச்சிருக்கு. அதனால நகையை வித்து லாபம் வந்தா அது மூலதன ஆதாயம். வரி அந்த லாபத்துக்கு மட்டும்தான், வந்த மொத்தப் பணத்துக்கு இல்ல.

லாபம்னா என்ன? வித்த தொகையிலிருந்து, விக்கறதுக்காக ஆன செலவையும், வாங்கின விலையையும் கழிச்சா வர்றது. 2024 ஜூலை 23 பட்ஜெட்டுக்கு அப்புறம் வித்த நகைன்னா, 24 மாசத்துக்கு மேல கையில வெச்சிருந்தா அது நீண்டகால ஆதாயம். அதுக்கு 12.5 சதவீத வரி, அந்த வரி மேல 4 சதவீத செஸ். முன்னாடி 20 சதவீத வரி இருந்துச்சு, ஆனா வாங்கின விலையைப் பணவீக்கத்துக்கு ஏத்த மாதிரி உயர்த்திக் காட்ட விட்டாங்க. இப்ப அந்த இண்டெக்ஸேஷன் கிடையாது. அதனால 2015-ல கொடுத்த ரூபாய் 2015 ரூபாயாவேதான் நிக்கும். வாங்கின விலையா எந்த எண்ணைப் போடறீங்கன்றதுதான் இப்ப உங்க கையில இருக்கிற விஷயம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் எல்லாம் எளிமைக்காக நான் வெச்சது. திருநீர்மலையில இருக்கிற ஒரு அம்மா, 2015-ல குரோம்பேட்டையில ஒரு கடையில அஞ்சு சவரன், அதாவது 40 கிராம், 22 கேரட் செயின் வாங்கினாங்க. அன்னைக்கு கிராம் 2,500 ரூபாய்னு வெச்சுப்போம். பில் இப்படி இருக்கும்:

தங்கத்தின் விலை, 40 கிராம்: ₹1,00,000
சேதாரம் 12 சதவீதம், 4.8 கிராம்: ₹12,000
செய்கூலி: ₹4,000
வாட் 1 சதவீதம்: ₹1,160
மொத்தம்: ₹1,17,160

இதுல வாங்கின விலை எது? நிறைய பேர் முதல் எண்ணை, அந்த ஒரு லட்சத்தை எடுத்துப் போடறாங்க. "தங்கத்தைத்தானே விக்கறோம், அப்ப தங்கத்தோட விலைதானே"ன்னு ஒரு லாஜிக். ஆனா அவங்க அன்னைக்கு வாங்கினது தங்கக் கட்டி இல்ல, செயின். அந்தச் செயின் அவங்க கைக்கு வர்றதுக்கு ஆன விலை ₹1,17,160. சேதாரம், செய்கூலி, வரி எல்லாமே அந்த விலைக்குள்ள அடக்கம். 2017 ஜூலைக்கு அப்புறம் வாங்கின நகைன்னா வாட் இருந்த இடத்துல 3 சதவீத ஜிஎஸ்டி இருக்கும், அதுவும் சேரும். வியாபாரி அந்த ஜிஎஸ்டியை கிரெடிட் எடுத்துக்கலாம். நமக்கு அந்த வழி இல்ல, அதனால அது நமக்கு விலையோட ஒரு பகுதி.

இப்ப விக்கற பக்கம். 2025 நவம்பர்ல அந்தச் செயினை எடுத்துட்டுப் போறாங்க. பத்து வருஷம் போட்ட தேய்மானம், அழுக்கு எல்லாம் போக, உருக்கிப் பார்த்ததுல கடைக்காரர் 39.5 கிராம்னு எடுத்துக்கறார். கிராமுக்கு 11,000 போட்டு ₹4,34,500 அக்கவுண்ட்ல போடறார். விற்பனைத் தொகை இதுதான். அன்னைக்குப் போர்டு ரேட்டை 40 கிராமால பெருக்கி ₹4,40,000-னு நீங்களே போட்டுக்க வேண்டாம். உங்களுக்கு வராத பணத்துக்கு வரி கட்ட வேண்டிய அவசியம் இல்ல. அதே மாதிரி, தனி ஆளா உங்க பழைய நகையைக் கடைக்கு விக்கும்போது அதுக்கு ஜிஎஸ்டின்னு எதையும் பிடிக்கக் கூடாது.

லாபம்: 4,34,500-ல 1,17,160 போக ₹3,17,340. வரி செஸ்ஸோட சேர்த்து ₹41,254. இதையே தங்க விலையை மட்டும் கழிச்சிருந்தா வரி ₹43,485 ஆகியிருக்கும். சேதாரம், செய்கூலி, வாட் மூணும் சேர்ந்து மிச்சப்படுத்தினது ₹2,231. பில்லே இல்ல, விலையை நிரூபிக்க வேற வழியும் இல்ல, கழிவே எடுக்க முடியலன்னு வெச்சுக்கோங்க, வரி ₹56,485. அந்த ஒரு காகிதத்தோட மதிப்பு பதினஞ்சாயிரம் ரூபாய்க்கு மேல.

இதுல ஒரு எல்லை இருக்கு. நீங்க கொடுத்ததை மட்டும்தான் கழிக்கலாம். நகைச் சீட்டு கட்டி, "செய்கூலி சேதாரம் இல்லை"ன்னு ஆஃபர்ல வாங்கியிருந்தா, பில்லுல தள்ளுபடி போக நிக்கற தொகைதான் உங்க விலை. "வழக்கமா 12 சதவீதம் போடுவாங்களே"ன்னு நாமா சேர்த்துக்க முடியாது. அதே மாதிரி ஒரே பில்லுல செயின், வளையல், தோடு மூணும் இருந்து, செயினை மட்டும் வித்தா, செயினோட தங்கம், சேதாரம், செய்கூலியை அந்த வரிசையிலிருந்தே எடுங்க. கடைசியில மொத்தமா போட்ட ஜிஎஸ்டியை மட்டும் விலை விகிதத்துல பிரிச்சுக்கோங்க.

அடுத்து, அதிகம் பேர் கவனிக்காத இடம். "நாங்க விக்கலையே, எக்ஸ்சேஞ்ச்தானே பண்ணோம்." வருமான வரிக்கு எக்ஸ்சேஞ்சும் கைமாற்றம்தான். அந்த அம்மா பழைய செயினைக் கொடுத்துட்டு, ஜிஎஸ்டியோட அஞ்சு லட்சம் பில் ஆன புது ஆரம் எடுத்தாங்கன்னு வெச்சுப்போம். கையிலிருந்து கொடுத்தது ₹65,500 மட்டும்தான். ஆனாலும் பழைய செயின்ல வந்த ₹3,17,340 லாபம் அந்த வருஷக் கணக்குல வரணும். அதுக்குப் பதிலா, புது ஆரத்தோட வாங்கின விலை முழு அஞ்சு லட்சம், ₹65,500 இல்ல. பின்னாடி எப்பவாவது ஆரத்தை விக்கும்போது, கொடுத்த ரொக்கத்தை மட்டும் விலையாப் போட்டா, ஒரே லாபத்துக்கு ரெண்டு தடவை வரி கட்டின மாதிரி ஆகும்.

சரி, பில் இல்லாத நகை? பெரும்பாலும் அது அம்மாவோட, பாட்டியோட கல்யாண நகை. பரிசாவோ வாரிசாவோ வந்த நகைக்கு உங்க விலை பூஜ்யம் இல்ல. முன்னாடி அதை விலை கொடுத்து வாங்கினவங்களோட விலைதான் உங்க விலை, அவங்க வெச்சிருந்த காலமும் உங்க கணக்குல சேரும். அவங்க 2001 ஏப்ரல் 1-க்கு முன்னாடி வாங்கியிருந்தா, அன்னைய தேதி சந்தை மதிப்பை விலையா எடுத்துக்கலாம். பதிவு பெற்ற மதிப்பீட்டாளர்கிட்ட நகையை விக்கறதுக்கு முன்னாடியே காட்டி சான்றிதழ் வாங்கணும்; உருக்கின பிறகு மதிப்பிட எதுவும் இருக்காது. ஆனா எதிர்பார்ப்பைக் குறைச்சுக்கோங்க. அப்ப தங்கம் கிராம் நானூறு ரூபாயை ஒட்டித்தான் இருந்துச்சு. அஞ்சு சவரனுக்கு சுமார் 16,000 கழிவு, அவ்வளவுதான். 2001-க்கு அப்புறம் வாங்கி பில் தொலைஞ்சிருந்தா, வாங்கின கடையில நகல் கேளுங்க, கார்டு ஸ்டேட்மென்ட், பாஸ்புக் என்ட்ரியைத் தேடுங்க.

கடைசியா, நகை யாரோடது? நம்ம கணக்குல செயின் அம்மாவோடது. அவங்களுக்கு வேற வருமானம் இல்லன்னா, 2025-26 நிதியாண்டுக்குப் புதிய வரி முறையில அடிப்படை விலக்கு 4 லட்சம். ₹3,17,340 அதுக்குள்ளேயே அடங்கிடும். வரி பூஜ்யம். ஆனா "என் அக்கவுண்ட்ல போட்டுடுங்க"ன்னு மகன் பில்லைத் தன் பேர்ல போட்டு, தன் பான் நம்பர் கொடுத்துட்டா, காகிதப்படி வித்தது மகன். வேலைக்குப் போற மகனுக்கு ₹41,254. "எனக்குத்தான் 12 லட்சம் வரைக்கும் வரி இல்லையே"ன்னு நினைக்காதீங்க. அந்தத் தள்ளுபடி சம்பளம் மாதிரி சாதாரண வருமானத்துக்கு. இந்த 12.5 சதவீத வரிக்கு 2025-26-ல அது கிடையாது. பங்குகளுக்கு இருக்கிற ₹1.25 லட்சம் விலக்கும் தங்கத்துக்கு இல்ல. அதனால அம்மா நகைன்னா அம்மா பேர்ல ரசீது, அம்மா அக்கவுண்ட்டுக்குப் பணம்.

நகை வித்தவங்க ITR-1 போட முடியாது. ITR-2-ல Schedule CG-ல இந்தக் கணக்கு போகும். விக்கும்போது கடையில எடை, கழிவு, தரம், ரேட், தொகை எல்லாம் எழுதின ரசீதைக் கேட்டு வாங்குங்க. வீட்ல பீரோவுல இருக்கிற நகை பில்களை இந்த வாரமே போட்டோ எடுத்து வெச்சுடுங்க. தெர்மல் பேப்பர் பில் அஞ்சாறு வருஷத்துல வெள்ளைத் தாளா ஆகிடும். நகை பத்திரமா லாக்கர்ல இருக்கும், அதோட விலை அழிஞ்சு போயிருக்கும்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.