சுருக்கம் கோடு அல்ல, நிழல்

எண்பதாவது பிறந்தநாளுக்காக ஒரு பாட்டியைப் படம் எடுக்கப் போயிருந்தேன். கூடத்துச் சுவரில் அவருடைய பழைய படம் ஒன்று மாட்டியிருந்தது. ஏதோ ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. முகம் மெழுகில் வார்த்ததுபோல் வழவழவென்று இருக்க, கழுத்தில் மட்டும் மடிப்புகள் அப்படியே இருந்தன. "எங்கம்மா மாதிரியே இல்ல தம்பி. இந்தத் தடவையாவது அவங்களாவே இருக்கட்டும்" என்றார் மகள்.

அந்த மெழுகு முகம் எப்படி வருகிறது? சுருக்கம் என்று நாம் பார்ப்பது தோலில் உள்ள சிறு பள்ளத்தில் தங்கும் நிழலை. அதன் பக்கத்து மேட்டில் ஒளி படுகிறது. தோலின் நுண்துளைகளும் இதே கதைதான், அளவுதான் சிறிது. சருமத்தை மென்மையாக்கும் ஃபில்டர், பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளின் நிறத்தைக் கலந்து சராசரியாக்குகிறது. மேடும் பள்ளமும் ஒரே நிறமாகிவிட்டால் நிழலோடு சேர்ந்து தோலின் இழையும் போய்விடும். பிறகு மிஞ்சுவது பிளாஸ்டிக்தான்.

ஆகவே பாதி வேலை படம் எடுக்கும்போதே முடிந்துவிட வேண்டும். கேமராவில் இருக்கும் ஃபிளாஷை நான் அணைத்துவிட்டேன். நேர் எதிரே அடிக்கும் வெளிச்சம் நெற்றியிலும் மூக்கிலும் எண்ணெய் மினுக்கைத்தான் காட்டும். பாட்டியை ஜன்னலிலிருந்து நான்கடி தள்ளி, வெளிச்சம் சற்றுப் பக்கவாட்டில் விழும்படி உட்காரவைத்தேன். வெயில் நேராக வந்ததால் ஜன்னலில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டினேன். வெறும் வெயில் பட்டால் ஒவ்வொரு சுருக்கமும் கத்தியால் கீறியதுபோல் கறுத்துத் தெரியும். துணி வழியாக வந்தால் நிழலின் ஓரம் கரைந்து நிற்கும். மறுபக்கக் கன்னம் இருண்டுபோகாமல் இருக்க ஒரு தெர்மாகோல் அட்டையை மகளைப் பிடிக்கச் சொன்னேன். மூன்றடியில் பிடித்தால் போதும். இன்னும் நெருக்கினால் இரண்டு பக்கமும் ஒரே வெளிச்சமாகி முகம் தட்டையாகிவிடும்.

செல்போனில் எடுப்பவர்கள் முதலில் 'பியூட்டி' அளவைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். வெளிச்சம் குறைந்த அறையில் அது மட்டும் போதாது. இருட்டில் படத்தில் விழும் புள்ளிகளைத் துடைக்கும்போது செல்போன் தோலின் இழையையும் சேர்த்துத் துடைத்துவிடும். வெளிச்சத்துக்கு நகர்ந்து உட்காரவைப்பதுதான் இதற்கு மருந்து.

நரைமுடிக்குத் தனிக் கவனம் தேவை. பாட்டியின் காதோரம் தூய வெள்ளை, உச்சியில் சாம்பல், பிடரியில் இன்னும் சில கறுப்பு இழைகள். நரை ஒரே நிறம் அல்ல. நிறமி இழந்த முடியும் இழக்காத முடியும் கலந்து நிற்பதுதான் தூரத்திலிருந்து சாம்பலாகத் தெரிகிறது. முகத்துக்கு ஏற்றபடி வெளிச்சம் வைத்தால் வெள்ளை முடி வெளுத்துப் பஞ்சாகிவிடும், பிறகு எந்த மென்பொருளாலும் அந்த இழைகளை மீட்க முடியாது. அதனால் முடியின் வெளிச்சமான இடத்துக்கு அளவு வைத்து, படத்தைச் சற்று இருட்டாகவே எடுத்தேன். முகத்தைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம். வெள்ளைச் சுவருக்கு எதிரே நரை காணாமல் போகும் என்பதால் பின்னால் கரும்பச்சைப் போர்வை ஒன்றைத் தொங்கவிட்டோம். மஞ்சள் பல்பையும் அணைத்தேன். வெள்ளை முடி அந்த மஞ்சளை அப்படியே வாங்கிக்கொள்ளும்.

மென்பொருளில் எனக்கு ஒரே விதிதான்: அடுத்த வாரம் இருக்காதது போகலாம், இருக்கப்போவது இருக்கட்டும். கன்னத்தில் ஒட்டியிருந்த நூல், கொசுக்கடிச் சிவப்பு இரண்டையும் எடுத்தேன். தோடு இழுத்து நீண்ட காது மடலையும், நெற்றியில் இருந்த வயதுப் புள்ளிகளையும் தொடவில்லை. கண்ணுக்குக் கீழிருந்த பை மட்டும் களைப்பாகத் தெரிந்தது. ஃபோட்டோஷாப்பில் Ctrl+J அழுத்தி இன்னொரு அடுக்கை உண்டாக்கி, அதில் Healing Brush கொண்டு அந்தப் பையை முழுக்க அழித்தேன். பிறகு அந்த அடுக்கின் Opacity அளவை 30 சதவீதமாக்கினேன். கீழே இருக்கும் உண்மையான தோல் எழுபது பங்கு தெரிகிறது. பை அதே இடத்தில் இருக்கிறது, ஆழம்தான் குறைந்திருக்கிறது. சிரித்துச் சிரித்து வாயோரம் விழுந்த கோட்டில் கை வைக்கவே இல்லை. அதை எடுத்தால் அவர் சிரிப்பே மாறிவிடும்.

அதிகமாகிவிட்டதா என்று பார்க்க, படத்தை நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி மூக்கின் தோலையும் கன்னத்தின் தோலையும் ஒப்பிடுவேன். மூக்கில் துளைகள் தெரிந்து, கன்னம் கண்ணாடியாக இருந்தால் கை மீறிவிட்டது. அடுத்து கழுத்தையும் கைகளையும் பார்ப்பேன். மூன்றும் ஒரே வயதைச் சொல்ல வேண்டும்.

பாட்டியின் படத்தை 12க்கு 18 அங்குலத்தில் பளபளப்பில்லாத மேட் தாளில் அச்சிட்டுக் கொடுத்தேன். மகள் அதைப் பழைய படத்தின் ஆணியிலேயே மாட்டினார். பாட்டி கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, புருவத்தில் நீண்டு நின்ற ஒற்றை வெள்ளை முடியைக் காட்டி, "இது எங்கப்பாவுக்கும் இப்படித்தான் நிக்கும்" என்றார்.