திங்கட்கிழமை மூச்சு

திண்டுக்கல் பக்கத்து நூற்பாலை ஒன்றில் கார்டிங் பிரிவில் வேலை பார்க்கும் இளைஞன் என்று வைத்துக்கொள்வோம். வார விடுமுறை முடிந்து திங்கட்கிழமை ஷிஃப்ட் ஏறினால் நெஞ்சு இறுகுகிறது, இருமல் வருகிறது. செவ்வாய், புதனில் குறைந்துவிடுகிறது. வீட்டில் சொன்னால், "லீவு நாள்ல ஊர் சுத்தினா அப்படித்தான். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிற வேலைப்பா, விட்றாதே" என்கிறார் அப்பா.

அவர் பயம் நியாயம்தான். கூலி வேலையில் காய்ச்சல் வந்தாலே சம்பளம் போனவர் அவர். ஆனால் திங்களன்று வரும் இந்த இறுக்கம் பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸின் தொடக்க அடையாளம். தூசியை விட்டு விலகினால் இந்தக் கட்டத்தில் பெரும்பாலும் சரியாகும். வாரம் முழுக்க மூச்சு வாங்கத் தொடங்கி, வருடக்கணக்கில் நீடித்தால், நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்பாது.

வாயால் ஊதிப் பார்க்கும் பீக் ஃப்ளோ மீட்டரில் ஷிஃப்டுக்கு முன்னும் பின்னும் அளந்து, தேதியோடு சில வாரம் குறித்து வைக்கலாம். திங்களன்று மட்டும் அளவு நன்றாக இறங்கினால், வேலையைச் சொல்லியே டாக்டரிடம் காட்ட வேண்டும். சொல்லாவிட்டால் சாதாரண ஆஸ்துமா என்று மருந்து எழுதிவிடுவார்கள்.

அப்பா பெருமையாகச் சொல்லும் அதே இ.எஸ்.ஐ.யின் தொழில்நோய்ப் பட்டியலில் பிசினோசிஸும் இருக்கிறது. சந்தா நிபந்தனை பூர்த்தியானால், மருத்துவ விடுப்புக்கு வருடத்தில் 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் கிடைக்கும். டாக்டர் சான்றிதழைக் காட்டி, தூசி குறைந்த பேக்கிங் பிரிவுக்கு மாற்றலும் கேட்கலாம். மாற்றித் தர ஆலை மறுத்தால், குறித்து வைத்த அந்த நோட்டை அப்பா முன்னால் விரித்துவிட்டு வேறு வேலை தேடுவதுதான் வழி.