கொலோனோஸ்கோபி படமும் பயாப்ஸி வரிகளும்: படிப்பது எப்படி?

கொலோனோஸ்கோபி முடிந்து வெளியே வரும்போது கையில் ஒரு தாள் கொடுப்பாங்க. அதில் ஆறோ எட்டோ வண்ணப் படங்கள் இருக்கும். வீடு வந்து சேர்வதற்குள் அதை போனில் படம் எடுத்து, விரலால் பெரிதாக்கிப் பார்க்கத் தொடங்கிவிடுகிறோம். இளஞ்சிவப்புக் குழாய்க்குள் காளான் மாதிரி ஒன்று நிற்கிறது. "ஐயோ, இவ்வளவு பெரிய கட்டியா?" என்று மனசு படபடக்கிறது. பயாப்ஸி முடிவு வர இன்னும் சில நாட்கள் ஆகும்.

முதலில் அந்த "இவ்வளவு பெரிய" என்பதைப் பார்ப்போம். கேமரா, பாலிப்புக்கு மிக அருகில் போய்ப் படம் எடுக்கிறது. அதனால் மிளகு அளவு பாலிப்பும் படத்தில் எலுமிச்சம்பழம் போலத் தெரியும். அளவைப் படத்திலிருந்து கணிக்காதீர்கள். அறிக்கையில் மில்லிமீட்டரில் எழுதியிருப்பதைப் பாருங்கள். சில படங்கள் நீலப்பச்சை நிறத்தில் இருக்கும். அது நோயின் நிறம் இல்லை. ரத்தக் குழாய்களின் அமைப்பு தெளிவாகத் தெரிவதற்காக மருத்துவர் ஒளியை மாற்றிப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

ஒரு எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம். 53 வயதுக் கடைக்காரர் ஒருவருக்கு மலத்தில் ரத்தம். மூலம் என்று நினைத்துப் பல மாதம் தள்ளிப்போட்டார். கடைசியில் கொலோனோஸ்கோபி செய்தபோது இரண்டு பாலிப் தெரிந்தன. ஒன்று சிக்மாய்டு பகுதியில், காம்போடு 14 மில்லிமீட்டர். இன்னொன்று மலக்குடலில், காம்பில்லாமல் தட்டையாக 4 மில்லிமீட்டர். இரண்டையும் அங்கேயே அகற்றி, தனித்தனி பாட்டிலில் போட்டுப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

முடிவு வந்தது. மலக்குடல் பாட்டிலில் "ஹைப்பர்பிளாஸ்டிக் பாலிப்" என்று இருந்தது. குடல் சவ்வின் செல்கள் கொஞ்சம் அதிகமாக வளர்ந்திருக்கின்றன, ஆனால் தோற்றம் மாறவில்லை என்று அர்த்தம். மலக்குடலில் இவ்வளவு சிறியதாக இருந்தால் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

சிக்மாய்டு பாட்டிலில்தான் அவரைத் தூங்கவிடாத வரி இருந்தது: "டியூபுலோவில்லஸ் அடினோமா வித் லோ கிரேடு டிஸ்பிளேசியா". டிஸ்பிளேசியா என்ற சொல்லைப் பார்த்ததும் புற்றுநோய் என்று முடிவு கட்டிவிட்டார். அது தவறு. டிஸ்பிளேசியா என்றால் செல்களின் வடிவமும் வரிசையும் மாறத் தொடங்கிவிட்டன என்று பொருள். அடினோமா என்ற பெயர் வந்தாலே லோ கிரேடு டிஸ்பிளேசியாவாவது அதில் இருக்கும். அது கூடுதலாக வந்த கெட்ட செய்தி இல்லை. விட்டுவைத்தால் ஒருசில அடினோமாக்கள் புற்றாக மாறக்கூடும். அதற்குப் பொதுவாகப் பல ஆண்டுகள் ஆகும். இவருடையது மாறுவதற்கு முன்பே வெளியே வந்துவிட்டது.

"டியூபுலர்" என்றால் செல்கள் குழாய் குழாயாக அடுக்கியிருக்கின்றன. "வில்லஸ்" என்றால் விரல் விரலாக நீண்டிருக்கின்றன. விரல் வடிவம் கலந்திருந்தால் கவனம் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். "ஹை கிரேடு" என்றால் மாற்றம் முற்றிவிட்டது, ஆனால் சுவருக்குள் இன்னும் ஊடுருவவில்லை. "இன்வேசிவ் கார்சினோமா" என்று எழுதியிருந்தால்தான் அது புற்றுநோய். "நோ இன்வேசிவ் கார்சினோமா" என்றும் எழுதுவாங்க. பதற்றத்தில் முன்னால் இருக்கும் "நோ"வை விட்டுவிட்டுப் படித்தவர்கள் உண்டு!

இதைவிட முக்கியமான வரி ஒன்று பலர் கண்ணில் படுவதே இல்லை: "ஸ்டாக் மார்ஜின் ஃப்ரீ". காம்பை வெட்டிய இடத்தில் மாறிய செல்கள் இல்லை, அதாவது முழுதாக வந்துவிட்டது என்று பொருள். பாலிப்பைத் துண்டு துண்டாக எடுத்திருந்தால் "மார்ஜின் கெனாட் பி அஸெஸ்டு" என்று வரும். அப்போது எல்லை சுத்தமா என்று சொல்ல முடியாது. 20 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ உள்ள பாலிப்பைத் துண்டு துண்டாக எடுத்திருந்தால், 6 மாதத்தில் அதே இடத்தை மறுபடி பார்ப்பது வழக்கம். இன்னொன்று: பாலிப்பை அகற்றாமல் ஓரத்தில் கிள்ளி மட்டும் எடுத்திருந்தால், கிள்ளிய துண்டுக்குத்தான் அந்த முடிவு பொருந்தும். மீதி உள்ளேயே இருக்கிறது. "அகற்றியாச்சா, கிள்ளி எடுத்தீங்களா?" என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நம் கடைக்காரருக்கு அடுத்த கொலோனோஸ்கோபி எப்போது? 2020ல் வெளியான அமெரிக்க வழிகாட்டுதலின்படி, 10 மில்லிமீட்டருக்குக் குறைவான ஒன்றிரண்டு டியூபுலர் அடினோமா மட்டும் இருந்தால் 7 முதல் 10 ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் போதும். அளவு 10 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தாலும், வில்லஸ் வடிவம் கலந்திருந்தாலும், ஹை கிரேடு இருந்தாலும் 3 ஆண்டு. இவருக்கு முதல் இரண்டுமே இருப்பதால் 3 ஆண்டு. குடல் சரியாகச் சுத்தமாகாமல் இருந்தாலோ, குடும்பத்தில் யாருக்காவது பெருங்குடல் புற்று இருந்தாலோ இந்தக் கணக்கு மாறும்.

இனி வீங்கிச் சிவந்த குடல். ஆரோக்கியமான சவ்வின் படத்தில் இலை நரம்பு போல மெல்லிய ரத்தக் குழாய்கள் கிளை கிளையாகத் தெரியும். அழற்சி வந்தால் முதலில் மறைவது அந்தக் கோலம்தான். பிறகு சிவப்பு, சொரசொரப்பு, மேலே வெள்ளை படிந்த புண்கள். ஆனால் இது எதனால் வந்தது என்று படம் மட்டும் பெரும்பாலும் சொல்லாது.

பயாப்ஸியில் "குரோனிக் ஆக்டிவ் கொலைட்டிஸ்" என்று வரலாம். ஆக்டிவ் என்றால் வெள்ளணுக்கள் இப்போது சவ்வுக்குள் புகுந்து நிற்கின்றன. குரோனிக் என்றால் நாட்பட்டது. குடல் சவ்வில் கிரிப்ட் எனப்படும் நுண்குழிகள், நாற்று நட்ட வயல் போல வரிசையாக இருக்கும். நாட்பட்ட அழற்சியில் அந்த வரிசை குலைந்துவிடும். கெட்ட உணவால் வந்த சில நாள் வயிற்றுப்போக்கில் பொதுவாக வரிசை குலையாது. அதனால்தான் "கிரிப்ட் ஆர்க்கிடெக்சர் பிரிசர்வ்டு" என்பது நல்ல செய்தி.

நம் நாட்டில் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டிய சொல் "கிரானுலோமா". 28 வயதுப் பெண் ஒருவருக்கு வலது அடிவயிற்றில் வலி, மாலையில் காய்ச்சல், எடை குறைவு என்று வைத்துக்கொள்வோம். சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் புண். பயாப்ஸியில் கிரானுலோமா, அதாவது அழற்சி செல்கள் உருண்டையாகத் திரண்ட கூட்டம். இது குடல் காசநோயிலும் வரும், குரோன் நோயிலும் வரும். இரண்டுக்கும் சிகிச்சை நேர் எதிர். காசநோயைக் குரோன் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால் கிருமி பரவும். குடல் சுவரைச் சுற்றிக் குறுக்காக ஓடும் புண் காசநோய்ப் பக்கம் கை காட்டும். நீளவாக்கில் ஓடும் புண் குரோன் பக்கம். கிரானுலோமாவின் நடுவில் திசு செத்து, தயிர்க்கட்டி போல ஆகியிருந்தால் "கேசியேட்டிங்" என்று எழுதுவார்கள். அது காசநோய்க்கு வலுவான அடையாளம். ஆனால் பலருக்கு அது துண்டில் அகப்படாது. கிருமியும் கண்ணில் படாமல் போகலாம்.

ஆகவே ஜீன்எக்ஸ்பர்ட், கல்ச்சர் சோதனைகளும் தேவைப்படும். இங்கே ஒரு சிக்கல் உண்டு. பயாப்ஸித் துண்டை ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமி செத்துவிடும், கல்ச்சர் செய்ய முடியாது. அதற்குத் தனித் துண்டு, சலைனில், தனி பாட்டிலில் போக வேண்டும். காசநோய் சந்தேகம் இருந்தால் கொலோனோஸ்கோபிக்கு முன்பே, "கல்ச்சருக்கும் தனியா எடுப்பீங்களா டாக்டர்?" என்று கேளுங்கள். இல்லாவிட்டால் மறுபடி ஒருமுறை பேதி மருந்து குடித்துப் படுக்க வேண்டி வரலாம்.

எல்லாம் செய்தும் முடிவு தெளிவாகாவிட்டால், காசநோய் மருந்தைத் தொடங்கி, இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி படம் எடுத்துப் பார்ப்பார்கள். புண் ஆறியிருந்தால் காசநோய் என்று கொண்டு, பொதுவாக 6 மாத மருந்து முடிக்கப்படும். இந்த மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். நிக்ஷய் தளத்தில் பதிவான நோயாளிக்குச் சத்துணவுக்காக மாதம் ரூ.1,000 வங்கிக் கணக்கில் வரும். அதற்கு வங்கி விவரத்தைச் சிகிச்சை தொடங்கும்போதே கொடுத்துவிடுங்கள். ஆறவில்லை என்றால் முதல் பரிசோதனையின் படங்களும் பயாப்ஸி அறிக்கையும் மறுபடி தேவைப்படும். தாள் மங்கிவிடும், இரண்டையும் போனில் ஒரே ஃபோல்டரில், தேதியோடு வைத்திருங்கள்.