நோட்டீஸ் போர்டில் ஒரு தேர்தல்

மும்பை குடியிருப்புகளில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை அறிவிப்புப் பலகையில் தேர்தல் அறிவிப்பு ஒட்டப்படும். மகாராஷ்டிரத்தில் 250 உறுப்பினர்கள் வரை உள்ள வீட்டுவசதி சங்கங்கள் இந்தத் தேர்தலைத் தாங்களே நடத்திக்கொள்ளலாம். அறிவிப்பில் மனுத்தாக்கல், பரிசீலனை, வாபஸ், வாக்குப்பதிவு எனத் தேதிகள் வரிசையாக இருக்கும். எல்லோரும் வாக்குப்பதிவு நாளைத்தான் பார்க்கிறார்கள். என் அனுபவத்தில் பரிசீலனை நாளில்தான் பலர் வெளியேறுகிறார்கள்.

பங்குச் சான்றிதழில் மனைவி பெயர் மட்டும் இருக்கிறது, பராமரிப்புக் கட்டணம் கட்டுவதும் கூட்டங்களுக்குப் போவதும் கணவர் என்று வைத்துக்கொள்வோம். அவர் மனுப் போட்டால் நிற்காது, ஏனெனில் உறுப்பினர் மனைவிதான். அவரை இணை உறுப்பினராகச் சங்கம் முன்பே சேர்த்திருக்க வேண்டும். மனைவியின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் வேண்டும். கடைசி நாளில் இதற்கு வழியில்லை.

அடுத்த தடை பாக்கி. கேட்டும் கட்டாமல் மூன்று மாதம் கடந்தால் தகுதி போய்விடும். மனுவுக்கு முன்பே கட்டி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். முன்மொழிபவரும் வழிமொழிபவரும் வாக்காளர் பட்டியலில் இருக்கிறார்களா என்பதையும் பட்டியல் வெளியான அன்றே பாருங்கள். திருத்தம் கேட்க அப்போதுதான் அவகாசம் உண்டு.