காசும் காலமும் – 7: அண்ணன் சொன்ன பத்து லட்சம்

அப்பா விட்டுப்போன வீட்டில் அண்ணன் குடியிருக்கிறார். தங்கையின் பங்கைத் தீர்க்க இரண்டு வழி சொல்கிறார்.

"இப்பவே வேணும்னா அஞ்சு லட்சம் தர்றேன்மா. பத்து வருஷம் பொறுத்துக்கிட்டா பத்து லட்சமா வாங்கிக்க."

ஒன்றுக்கு இரண்டு கிடைக்கிறதே என்று தங்கைக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கிறது. ஆனால் ஐந்து லட்சம் இன்றைய பணம். பத்து லட்சம் பத்து ஆண்டு தள்ளி நிற்கிற பணம். இரண்டையும் ஒரே நாளில் நிறுத்தினால்தான் எது பெரிசு என்று சொல்ல முடியும்.

முதலில் இன்றைய பணத்தை முன்னே தள்ளிப் பார்ப்போம். அஞ்சலகத்தில் கிசான் விகாஸ் பத்திரம் என்று ஒன்று உண்டு. 2023 ஏப்ரலில் அதன் வட்டி 7.5 சதவீதமானது, போட்ட பணம் 115 மாதத்தில் இரட்டிப்பாகும். அதாவது 9 ஆண்டு 7 மாதம். அண்ணன் பத்து ஆண்டில் செய்வதை அஞ்சலகம் ஐந்து மாதம் முன்னதாகவே செய்துவிடுகிறது. அதே வட்டி பத்தாம் ஆண்டு முடியும்வரை ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒரு தடவை என்று 1.075-ஆல் பத்து முறை பெருக்கினால் 2.061 வரும். ஐந்து லட்சம் சுமார் 10.30 லட்சம் ஆகும். இதுதான் எதிர்கால மதிப்பு.

இனி எதிர்த்திசை. பத்து லட்சத்தை அதே 2.061-ஆல் வகுத்தால் சுமார் 4.85 லட்சம். இது நிகழ்கால மதிப்பு: இன்று 4.85 லட்சம் கையில் இருந்தால் பத்து ஆண்டில் பத்து லட்சம் ஆகிவிடும். ஆக, பெரிதாகத் தெரிந்த வாக்குறுதி, இன்று தருவதாகச் சொன்ன ஐந்து லட்சத்தைவிட 15 ஆயிரம் குறைவுதான்.

இந்த இடத்தில் பலரும் சறுக்குவார்கள். ஆண்டுக்கு 7.5 என்றால் பத்து ஆண்டுக்கு 75 சதவீதம், அதைக் கழித்தால் மிச்சம் இரண்டரை லட்சம் என்பார்கள். வட்டி குட்டி போட்டு வளர்ந்த பணத்தைப் பின்னே இழுக்கும்போது கழிக்கக் கூடாது, வகுக்க வேண்டும். சரிபார்ப்பதும் எளிது. கிடைத்த விடையை மறுபடி முன்னே தள்ளுங்கள். பத்து லட்சம் வராவிட்டால் கணக்கு தப்பு.

பின்னே இழுக்கப் பயன்படுத்தும் அந்த வட்டிக்குத் தள்ளுபடி விகிதம் என்று பெயர். தீர்ப்பு இதன் கையில்தான் இருக்கிறது. 6 சதவீதம் என்று வைத்தால் அண்ணனின் பத்து லட்சம் இன்றைக்கு 5.58 லட்சம் பெறும். 9 என்றால் 4.22 லட்சம். 12 என்றால் 3.22 லட்சம்தான். தராசு சமமாக நிற்பது ஏறக்குறைய 7.2 சதவீதத்தில். அதற்குக் கீழே காத்திருப்பது லாபம். மேலே போனால் இன்றே வாங்குவது லாபம்.

சரி, தங்கை எந்த விகிதத்தை எடுப்பது? இன்று ஐந்து லட்சம் வந்தால் அதை அவர் என்ன செய்வார் என்பதில்தான் விடை இருக்கிறது. 6 சதவீத வங்கி வைப்பில் போட்டுவைப்பவர் என்றால் பொறுத்திருக்கலாம். 12 சதவீத வட்டியில் அடகு வைத்த நகையை மீட்க வேண்டியவர் என்றால் அவருடைய விகிதம் 12. காத்திருந்தால் பெரிய நஷ்டம்.

காலமும் விகிதத்தை மாற்றும். இதே பத்திரம் 1988-இல் அறிமுகமானபோது ஐந்தரை ஆண்டிலேயே பணம் இரட்டிப்பானது. கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 13.4 சதவீதம். அந்த விகிதத்தில் அண்ணனின் பத்து லட்சம் இன்றைக்கு 2.84 லட்சம்தான் பெறும்.

தவணை தள்ளிப்போகப் போக விகிதத்தின் வெட்டும் ஆழமாகும். அண்ணன் இரண்டே ஆண்டில் தருவதாக இருந்தால் 6 சதவீதத்தில் 8.90 லட்சம், 12-இல் 7.97 லட்சம்; பெரிய வித்தியாசமில்லை. இருபது ஆண்டு என்றால் 3.12 லட்சம் எங்கே, 1.04 லட்சம் எங்கே!

இன்னொன்றும் உண்டு. அஞ்சலகத்துக்குப் பின்னால் அரசாங்கம் நிற்கிறது. அண்ணனுக்குப் பின்னால் அவர் வாக்கு மட்டும். பணம் வராமல் போகக்கூடிய ஆபத்துக்காக விகிதத்தை 10 என்று உயர்த்தினால் மதிப்பு 3.86 லட்சத்துக்கு இறங்கும். ஆனால் எவ்வளவு உயர்த்துவது என்பதற்குச் சூத்திரம் கிடையாது. அது அண்ணனைப் பற்றித் தங்கைக்குத் தெரிந்ததைப் பொறுத்தது.

தங்கை இந்தக் கணக்கைக் காட்டியதும் அண்ணன் சிரித்துக்கொண்டே மூன்றாவது வழி சொல்கிறார்: "அப்ப வருஷம் ஒரு லட்சமா பத்து வருஷம் தந்துடட்டுமா?" மொத்தம் அதே பத்து லட்சம்தான். ஆனால் பத்துத் தொகையும் பத்து வெவ்வேறு தூரத்தில் நிற்கின்றன. அவற்றை அடுத்த வாரம் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்போம்.

(தொடரும்)